வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: கரண்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது?

கடலூரில் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் இரண்டு எண்களைத்தான் சொல்வார். ஒன்று வாடகை, இன்னொன்று அட்வான்ஸ். மாதாமாதம் நம் கையிலிருந்து போகும் மற்ற பணத்தைப் பற்றிப் பேச்சே வராது. நாமாகக் கேட்டால், "அதெல்லாம் பெருசா ஒண்ணும் வராது தம்பி, பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவர் ஏமாற்ற நினைத்து அப்படிச் சொல்வதில்லை. பெரும்பாலும் அவருக்கே கணக்கு சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். குடிவந்த மூன்றாவது மாதம் பில் வரும்போதுதான் "இதை நீங்கதானே கட்டணும்?" என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வார்கள்.

கரண்ட், தண்ணீர், அசோசியேஷன் மெயின்டனன்ஸ் மூன்றிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அளவு எங்கே எடுக்கப்படுகிறது, பில் யார் பெயரில் வருகிறது? இது தெரிந்துவிட்டால், யார் கட்டுவது என்பதைப் பேசித் தீர்ப்பது சுலபம். முதலில் கரண்ட். சண்டை அதிகம் வருவது அதில்தான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரைக்கான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். அதாவது 499 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 11 யூனிட்டின் விலை அல்ல, அதைவிட அதிகம். இந்தக் கணக்கு முழுக்க ஒரு மீட்டருக்கு ஒரு கணக்கு. அந்த மீட்டரில் ஒரு குடும்பம் இருக்கிறதா, மூன்று குடும்பம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அதனால் வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வீட்டுக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா?" என்பது. திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம் மாதிரி பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒரே வீட்டைக் கீழ் போர்ஷன், மேல் போர்ஷன் என்று பிரித்து வாடகைக்கு விடுவது சகஜம். மின்வாரிய மீட்டர் ஒன்றுதான் இருக்கும். மேல் போர்ஷனுக்கு வீட்டுக்காரரே ஒரு சப்-மீட்டர் வைத்து, "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுத்துடுங்க" என்பார். கேட்க எளிமையாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு போர்ஷனும் இரண்டு மாதத்துக்குத் தலா 280 யூனிட் ஓட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி., எப்போதாவது மிக்சி என்று இருக்கும் குடும்பத்துக்கு அது இயல்பான அளவு. தனித்தனி மீட்டர் இருந்தால், 2024 ஜூலை திருத்தத்துக்குப் பிந்தைய வீட்டுக் கட்டணப்படி ஒவ்வொருவருக்கும் சுமார் 610 ரூபாய் வரும். ஒரே மீட்டரில் இருவரும் சேர்ந்தால் மொத்தம் 560 யூனிட். 500-ஐத் தாண்டியாயிற்று, இலவச 100 யூனிட்டும் இருவருக்குமாக ஒருமுறைதான். பில் சுமார் 2,540 ரூபாய் ஆகிவிடும், ஆளுக்கு 1,270. ஓட்டிய கரண்ட் அதேதான், செலவு இரண்டு மடங்கு. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்ற கணக்கிலோ நீங்கள் தருவது 2,240 ரூபாய். வாரியத்துக்குப் போகும் மொத்தப் பணத்தில் பெரும் பகுதி உங்களுடையதாக இருக்கும்.

சப்-மீட்டர் வீடு என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை குறைவாக இருந்தால் அதுவும் கட்டுப்படியாகலாம். ஆனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரியத்தின் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் சப்-மீட்டர் யூனிட்டால் பெருக்கித் தருவதாகப் பேசுங்கள். இதை மறுக்க வீட்டுக்காரருக்கு நியாயமான காரணம் இருக்காது. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதால், அதைக் கேட்பதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேட்பது நல்லது. குடிவந்த பிறகு அவருக்கு அவசரம் இருக்காது.

தனி மீட்டர்தான் என்றால், மின் இணைப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் போட்டு வாரியத்தின் ஆன்லைன் கட்டணப் பக்கத்திலோ செயலியிலோ பார்த்தால், பாக்கி இருக்கிறதா என்று தெரியும். கடைசி இரண்டு மூன்று பில்லையும் வீட்டுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த பில்லில் இணைப்பு வீட்டு உபயோக வகையில் இருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். முன்பு கடையாகவோ அலுவலகமாகவோ இருந்த இடத்தை வீடாக மாற்றி வாடகைக்கு விடுபவர்கள் வகையை மாற்றாமல் விட்டிருந்தால், வணிக விலைதான் வரும். இலவச யூனிட்டும் கிடையாது.

அடுத்தது, நடுவில் குடிவருவது. ரீடிங் எடுக்கும் நாளும் நாம் சாவி வாங்கும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். செம்மண்டலத்தில் ஒரு வீடு. ஜூன் 5-ஆம் தேதி ரீடிங் எடுத்தார்கள். பழைய குடித்தனக்காரர் ஜூலை 8-ஆம் தேதி காலி செய்தார். நீங்கள் ஜூலை 10 வந்தீர்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி அடுத்த ரீடிங்கில் 530 யூனிட் என்று வருகிறது, பில் 2,290 ரூபாய்.

நாள் கணக்கில் பிரித்தால் ஏறக்குறைய பாதிப் பாதி என்பார்கள். அது சரியான கணக்கு அல்ல. அவர்கள் வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடியிருக்கலாம். ஜூலை 10 அன்று மீட்டர் காட்டிய எண்ணை நீங்கள் போட்டோ எடுத்து வைத்திருந்தால் விஷயம் தெளிவாகிவிடும். பழையவர் ஓட்டியது 320, நீங்கள் ஓட்டியது 210. மொத்த பில்லை 530-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 32 காசு. உங்கள் பங்கு சுமார் 907 ரூபாய், மீதி 1,383 பழையவருடையது. அந்த 1,383-ஐ வீட்டுக்காரர் பழையவரின் அட்வான்சிலிருந்து பிடித்து வைத்திருக்க வேண்டும். "பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்பதைச் சாவி வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆகஸ்ட் பில் வரும்போது, அந்த வீட்டில் இருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக முழுத்தொகையும் உங்கள் தலையில் விழும்.

போட்டோ எடுக்கும்போது மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் திரை மாறி மாறி ஓடும். தேதி, நேரம், வோல்டேஜ் என்று வந்துகொண்டே இருக்கும். kWh என்று பக்கத்தில் தெரியும்போது நிற்கும் எண்தான் நமக்கு வேண்டியது. அந்தப் படத்தை அப்போதே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இன்னைக்கு ரீடிங் இது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கரண்ட் பில்லில் சில சமயம் கூடுதல் வைப்புத்தொகை என்று ஒரு வரி சேர்ந்து வரும். உபயோகம் கூடியிருக்கிறது என்பதற்காக வாரியம் கேட்கும் டெபாசிட் அது. அந்தப் பணம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் கிடக்கும். நீங்கள் காலி செய்தாலும் உங்களுக்குத் திரும்ப வராது. ஆகவே அது உரிமையாளர் செலவு, அல்லது நீங்கள் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டியது. இதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைப்பவர்கள் மிகக் குறைவு.

இனி தண்ணீர். கடலூரில் தண்ணீர் பல வழிகளில் வீட்டுக்கு வரும். மாநகராட்சிக் குழாய், போர்வெல், குடிக்க 20 லிட்டர் கேன், கோடையில் சில இடங்களில் லாரி. மாநகராட்சி குடிநீர்க் கட்டணம் சொத்துவரி போலவே வீட்டின் பெயரில் வருவது. சொத்துவரி உரிமையாளர் செலவு, அதில் பேச்சே இல்லை. குடிநீர் இணைப்புக்கான கட்டணத்தைப் பேசி முடிவு செய்யலாம், பெரிய தொகை அல்ல. கேன் தண்ணீர் நம் செலவு. கடற்கரை ஓரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சமையலுக்கும் கேன்தான் என்பதால், பார்க்கப் போன அன்றே குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள்.

தண்ணீரில் பெரிய பணம் மறைந்திருப்பது வேறு இடத்தில். போர் மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது? ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை ஆகும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 முதல் 60 யூனிட். நான்கு குடும்பத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உங்கள் மீட்டரில் இணைந்திருந்தால், உங்கள் இலவச 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதி மேல்தொட்டிக்கே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை. உங்கள் போர்ஷனின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். கரண்ட் செலவாகும்போது அது மினுக்கும், அதிகம் செலவானால் வேகமாக மினுக்கும். மெயினை அணைத்ததும் அது மினுக்குவது நிற்க வேண்டும். இப்போது வீட்டுக்காரரிடம் மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மீட்டரின் விளக்கு படபடவென்று மினுக்க ஆரம்பித்தாலோ, மெயின் அணைந்திருப்பதால் மோட்டாரே ஓடாவிட்டாலோ, மோட்டார் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு, கேமரா என்று ஒவ்வொன்றையும் இப்படியே பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. மோட்டார் உங்கள் மீட்டரில்தான் என்றால், அதற்கு ஈடாக வாடகையில் மாதம் இருநூறு முந்நூறு குறைக்கச் சொல்வது நியாயமான பேரம்.

அசோசியேஷன் இருக்கும் அடுக்குமாடியில் இந்த மோட்டார் சிக்கல் இல்லை, அங்கே பொது மீட்டர் தனியாக இருக்கும். ஆனால் பொது மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது. வீட்டுக் கட்டணத்தைவிட விலையும் கூட. 2022 செப்டம்பர் முதல் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குத் தனிக் கட்டண வகை வந்தபோது பல அசோசியேஷன்கள் மெயின்டனன்சை ஏற்றியதற்கு இதுதான் காரணம். லிப்ட் இருக்கும் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் ஏன் அதிகம் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

மெயின்டனன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பணம் வசூலாகும். வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, பொது கரண்ட், லிப்ட் சர்வீஸ், மோட்டார் பராமரிப்பு இவையெல்லாம் மாதாந்தரச் செலவு. அங்கே குடியிருப்பவர் அனுபவிப்பது என்பதால், குடித்தனக்காரர் கட்டுவது நடைமுறையில் வழக்கம். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, புது மோட்டார் வாங்குவது, மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு போடுவது, பெரிய வேலைகளுக்காக அசோசியேஷன் சேர்த்து வைக்கும் கார்ப்பஸ் நிதிக்குப் பணம் தருவது போன்றவை ஒருமுறைச் செலவு. சொத்தின் மதிப்பைக் காப்பது என்பதால் அது உரிமையாளருடையது. அசோசியேஷன் இரண்டையும் ஒரே ரசீதில் போட்டு ஃபிளாட் எண்ணுக்கு அனுப்பும். ஒப்பந்தத்தில் வெறுமனே 'மெயின்டனன்ஸ் வாடகைதாரர் கட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தால், பெயின்ட் அடிக்கும் வருடம் 15,000 ரூபாய் ரசீது உங்கள் கதவுக்கு வரும்போது நீங்கள் வாதாட இடமிருக்காது.

நம் ஊருக்கென்று இன்னொரு செலவும் உண்டு, ஜெனரேட்டர் டீசல். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இந்தப் பக்கம் முழுக்கப் பாதிப்புதான். அப்படிப்பட்ட மாதத்தில் அசோசியேஷன் டீசலுக்கென்று தனியாக வசூலிக்கும். இது குடியிருப்பவர் கட்டுவதுதான் முறை என்பது என் கருத்து, ஜெனரேட்டரில் ஓடுவது அவர் வீட்டு விளக்குதானே. ஆனால் ஜெனரேட்டரே பழுதாகி மாற்றினால் அது உரிமையாளர் செலவு.

அசோசியேஷன் செயலாளரையோ பொருளாளரையோ ஒருமுறை நேரில் பார்ப்பது பலன் தரும். "சார், இந்த ஃபிளாட்டுக்கு இப்ப மெயின்டனன்ஸ் எவ்வளவு? பாக்கி ஏதும் இருக்கா? இந்த வருஷம் பெரிய வேலை ஏதும் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் நேராகவே சொல்லிவிடுவார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து எட்டு மாதப் பாக்கி வைத்திருக்கலாம். சட்டப்படி அசோசியேஷனுக்கு உறுப்பினர் அவர்தான், நீங்கள் அல்ல. ஆனால் தினமும் லிப்டில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள்.

லீசுக்கு எடுப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆறு லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பதுதான் நம் ஊரில் லீஸ். மாதாமாதம் வீட்டுக்காரர் கைக்குப் பணம் வராததால், "மெயின்டனன்ஸ், வரி எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார். வாடகை இருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். லீசில் கழிக்க எதுவுமே இல்லை. அதனால் உரிமையாளர் செலவு எதையாவது நீங்கள் முன்கூட்டிக் கட்டினால், அது லீஸ் தொகையோடு சேர்த்துத் திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது? பத்திரம் எழுதுபவரிடம் விட்டால் 'மின்சாரம் மற்றும் இதர கட்டணங்கள் வாடகைதாரரைச் சேர்ந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். 'இதர' என்பதில்தான் எல்லாம் போய் உட்காரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மின் இணைப்பு எண் இன்னது. குடிவரும் நாளில் மீட்டர் ரீடிங் இவ்வளவு. அதற்குப் பிந்தைய உபயோகத்துக்கு மட்டும் வாடகைதாரர் கட்டுவார். அதற்கு முந்தைய உபயோகமும் கூடுதல் வைப்புத்தொகையும் உரிமையாளரைச் சேர்ந்தது. மாதாந்தர அசோசியேஷன் பராமரிப்பு, தற்போது 1,800 ரூபாய், வாடகைதாரர் கட்டுவார். கார்ப்பஸ் நிதி, கட்டடப் பழுது, பெயின்ட் முதலிய ஒருமுறை வசூல்கள் உரிமையாளரைச் சேர்ந்தது. சொத்துவரி உரிமையாளரைச் சேர்ந்தது.' தற்போதைய தொகையை எண்ணாகப் போடுவது முக்கியம். அது ஏறினால் கூடுதல் யாருடையது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சுவர் வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட் போன்ற சின்னப் பழுது குடித்தனக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் யார் எந்த பில்லைக் கட்டுவது என்பது நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வதைப் பொறுத்துத்தான்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் எல்லை. அந்தப் பக்கம் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கத்தில் வீடு எடுத்தால் மேலே சொன்ன மின்கணக்கு பொருந்தாது. அங்கே விநியோகம் புதுச்சேரி அரசின் மின்துறை. பில் மாதாமாதம் வரும், 100 யூனிட் இலவசமும் இல்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எல்லையோடு நின்றுவிடும். ரீடிங் போட்டோ, மோட்டார் சோதனை, ஒருமுறைச் செலவைத் தனியாக எழுதுவது ஆகியவை அங்கேயும் அப்படியே செல்லும். ஒரே வாடகை சொல்லும் இரண்டு வீடுகளை எல்லையின் இருபுறமும் பார்த்து வைத்திருப்பவர்கள், இரண்டுக்கும் கடைசி பில்களை வாங்கி மாதக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடலூர் பில்லைப் பாதியாக்கிய பிறகு ஒப்பிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

காலி செய்யும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். கடைசி பில் நீங்கள் போன பிறகுதான் வரும். அதனால் வீட்டுக்காரர் அட்வான்சில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார், அது நியாயமே. எவ்வளவு என்பதுதான் கேள்வி. சாவி கொடுக்கும் அன்று ரீடிங்கைப் படம் எடுத்து, கடைசி பில்லிலிருந்து அன்றுவரை ஓடிய யூனிட்டைக் கணக்கிட்டு, முந்தைய பில்லின் சராசரி விலையில் தொகையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பத்து இருபது ரூபாய் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் அசோசியேஷனில் அந்த மாதம் வரை கட்டியதற்கான கடைசி ரசீதை வாங்கி, அதன் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மீதி அட்வான்சைக் கேளுங்கள்.